பட்டியல் பல்கலைக்கழகத்திடம், பழி மாணவனிடம்

பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் அறையில் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பேச்சு எழும். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி முடிந்த மறுநாள் இரண்டு மூன்று மாணவர்கள் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நிற்பார்கள். உள்ளே ஒருவர் சொல்வார்: "அத்தனை நாள் டைம் கொடுத்தோம். அபராதத்தோட கட்டவும் நாள் கொடுத்தோம். அதுலயும் கட்டலைன்னா இவனெல்லாம் என்ன இன்ஜினியர் ஆகப்போறான்?" மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அரியர் என்ற சொல் சேர்ந்துவிட்டால் கண்டிப்பு இன்னும் கூடும். முதல் முறை படிக்கவில்லை, இரண்டாம் முறை பதிவு செய்யக்கூடத் துப்பில்லை என்று தீர்ப்பு முடிந்துவிடும்.

துறையில் தேர்வு ஒருங்கிணைப்பாளர் வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் இந்தத் தீர்ப்பை நான் முழுமையாக மறுக்கிறேன். பொறுப்பில்லாத மாணவர்கள் உண்டு. ஆனால் தேர்வுப் பதிவில் இடறி விழுகிறவர்களில் பலர் பொறுப்பில்லாமையால் விழுவதில்லை. பல்கலைக்கழகத்துக்கு முன்பே தெரிந்த ஒரு விவரத்தை, அதைச் சரியாகச் சொல்ல ஆகக் குறைந்த வசதியுள்ளவன் வாயால் மறுபடி சொல்லச் சொல்கிறோம். அவன் சொல்லும்போது ஓர் எண் தவறினால் ஆறு மாதத்தைப் பறிக்கிறோம். இதை ஒழுக்கப் பயிற்சி என்று அழைப்பதுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளையே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது அதுதான். ஏப்ரல்–மே, நவம்பர்–டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தேர்வு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒவ்வொரு மாணவன் பெயரிலும் இந்தப் பருவத்துப் பாடங்களும், பழைய பருவங்களில் தேறாமல் நிற்கும் பாடங்களும் குறியீட்டு எண்ணோடு பதிவாக வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். அதன் பிறகுதான் ஹால் டிக்கெட்.

குறியீட்டைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு அது எளிது, புரியாதவர்களுக்குச் சுவர். MA8353 என்று இருந்தால் முதல் இரண்டு எழுத்து துறையைச் சொல்லும், இங்கே கணிதம். அடுத்த இலக்கம் எந்த ஆண்டின் விதிமுறை என்பதைச் சொல்லும். 6 என்றால் 2013 விதிமுறை, 8 என்றால் 2017, 3 என்றால் 2021. அதற்கடுத்த இலக்கம் பெரும்பாலும் பருவம். கடைசி இரண்டும் வரிசை எண். இப்படிப் பார்த்தால் 2013 விதிமுறையில் படித்தவனுக்கு MA6351, 2017-இல் MA8353, 2021-இல் MA3351 மூன்றும் மூன்றாம் பருவக் கணிதம். மூன்றின் பெயரும் ஒன்றே: டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ். ஆனால் கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு தாள்கள்.

மாணவர்கள் யாரும் இப்படிப் பேசுவதில்லை. அவர்களுக்கு அது 'எம் த்ரீ'. விடுதியில் ஒருவன் "எம் த்ரீ அரியர் கட்டிட்டியா?" என்று கேட்டால் மற்றவனுக்குப் புரிந்துவிடும். ஆனால் 2017 விதிமுறையில் எம் த்ரீ என்பதே மூன்று. இயந்திரவியல் மாணவனுக்கு அது MA8353. மின்னணுவியல் மாணவனுக்கு MA8352. கணினி அறிவியல் மாணவனுக்கு MA8351. அந்தப் பாடமே வேறு, டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ். ஓர் அறையில் மூன்று துறை மாணவர்கள் தங்கியிருந்தால், ஒருவன் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து இன்னொருவன் எழுதும் எண் தவறாகவே இருக்கும்.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். பதிவுப் படிவம் எதற்காக? "எந்தத் தாளை எழுதப்போகிறான் என்று மாணவன் சொல்ல வேண்டாமா?" என்று உடனே பதில் வரும். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தின் விதிமுறையைப் படித்தவர்களுக்கு அந்தப் பதில் நிற்காது. 2013, 2017 விதிமுறைகள் சொல்வது இது: மாணவன் நடப்புப் பருவத்தின் எல்லாப் பாடங்களுக்கும், நிலுவையில் உள்ள அரியர் பாடங்களுக்கும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் அடுத்த பருவத்துக்குப் போக அனுமதி இல்லை. கட்டாயம். அதாவது படித்துக்கொண்டிருக்கும் மாணவனுக்கு இதில் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை. எந்தப் பாடத்தில் அவன் தேறவில்லை என்பது மதிப்பெண்ணை வெளியிட்ட பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. இந்தப் பருவத்தில் எந்தப் பாடங்கள் என்பது பாடத்திட்டத்தில் இருக்கிறது. விருப்பப் பாடம் எது என்பதைக் கல்லூரி பருவத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கும். அப்படியானால் அவன் பதிவு செய்ய வேண்டிய பட்டியல், அவன் பேனாவை எடுப்பதற்கு முன்பே, கடைசிக் குறியீடு வரை தீர்மானமாகிவிட்ட ஒன்று.

தீர்மானமான பட்டியலை மறுபடி நிரப்பச் சொல்வதால் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக ஒரு தகவலும் கிடைப்பதில்லை. கிடைப்பது தவறுக்கான வாய்ப்பு மட்டும்.

அந்தத் தவறு எப்படி நுழைகிறது என்பதை ஒரு மாணவனை வைத்துக் காட்டுகிறேன். 2019-இல் கணினி அறிவியலில் சேர்ந்த ஒருவன் என்று கொள்ளுங்கள். 2017 விதிமுறை. மூன்றாம் பருவக் கணிதமான MA8351 நிற்கிறது. ஆறாம் பருவத்தில் விருப்பப் பாடமாக GE8075 எடுத்தான், அறிவுசார் சொத்துரிமை. அதிலும் தேறவில்லை. 2022 நவம்பர்–டிசம்பர் தேர்வுக்கு அவன் ஏழாம் பருவத்தில் இருக்கிறான். இந்தப் பருவத்தில் எடுத்த விருப்பப் பாடம் GE8077, முழுமைத் தர மேலாண்மை. நடப்புப் பருவத்தில் ஆறு எழுத்துத் தாள், இரண்டு செய்முறை. இரண்டு அரியரையும் சேர்த்தால் பத்து வரிகள்.

கல்லூரித் தேர்வுப் பிரிவு அச்சிட்ட பட்டியல் வகுப்புக்கு வரும். அறுபது பேருக்கு ஒரு கட்டு. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கை மாறும். ஒவ்வொருவனும் தன் பெயருள்ள தாளை எடுத்து, இரண்டு குறியீட்டை மேலோட்டமாகப் பார்த்து, பின்னால் இருப்பவன் முதுகில் தட்டுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவான். நான் பார்த்த எல்லா ஆண்டும் இப்படித்தான் நடந்தது. என் துறையிலும் இப்படித்தான். நம் மாணவன் தாளில் GE8077 இருக்கிறது, GE8075 இல்லை. ஒரே GE80 என்று தொடங்கும் இரண்டு வரியில் ஒன்றைத் தட்டச்சு செய்தவர் விட்டுவிட்டார். அவன் கண் GE80 என்பதைப் பார்த்ததும் "இருக்கு" என்று நகர்ந்துவிட்டது. MA8351-ஐத் தேடினான், அதுவும் இருந்தது. கையெழுத்துப் போட்டான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணிதத் தாளில் ஓர் இலக்கம் பிசகினால் பெரும்பாலும் அவன் துறைக்குச் சம்பந்தமில்லாத எண் வரும், யாராவது பிடித்துவிடுவார்கள். GE வரிசை அப்படியில்லை. GE8075 அறிவுசார் சொத்துரிமை, GE8076 தொழில்சார் அறநெறி, GE8077 முழுமைத் தர மேலாண்மை. மூன்றும் உண்மையான பாடங்கள், மூன்றும் அவன் துறையின் விருப்பப் பட்டியலில் உள்ளவை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஏறினால் கணினிக்குச் சந்தேகமே வராது. விருப்பப் பாடத்தில்தான் தவறு அதிகம் தங்குகிறது என்பதற்குக் காரணம் இதுதான். எந்த மாணவனாவது சரிபார்க்கக் கேட்டால் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த வரிகளைத்தான்.

ஹால் டிக்கெட் கையில் வந்த அன்று அவனுக்குத் தெரிகிறது, ஒன்பது தாள்தான் இருக்கிறது. தேர்வுப் பிரிவுக்கு ஓடுகிறான். "தம்பி, லிஸ்ட்ல நீதானே கையெழுத்து போட்டிருக்க?" என்பார்கள். அது உண்மை. அந்தக் கையெழுத்து அவனுக்கு எதிரான சான்றாக மாறிவிட்டது. தட்டச்சு செய்தவர் விட்ட வரிக்கு ஒரு பொறுப்பும் இல்லை, அதைக் கவனிக்காதவனுக்கு முழுப் பொறுப்பு. அடுத்த வாய்ப்பு 2023 ஏப்ரல்–மே, இறுதிப் பருவத்தோடு. வளாக நேர்காணலில் வேலை கிடைத்திருந்தால், சேரும் நாளில் நிலுவைத் தாள் எதுவும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை அந்த வேலைக் கடிதத்தில் பெரும்பாலும் இருக்கும். இரண்டு முயற்சியில் தேற வேண்டிய பாடத்தை ஒரே முயற்சியில் தேறியாக வேண்டிய நெருக்கடிக்கு அவன் வந்துவிட்டான். அவன் படிக்காததால் வந்த நெருக்கடி பாதி என்றே வைத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி யாருடையது?

"பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியதுதானே" என்பவர்களுக்கு என் பதில்: ஆம், வேண்டியதுதான். ஆனால் எந்த ஒழுங்கான அமைப்பும் தன் கையில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, "உன் நிலுவையில் GE8075 இருக்கிறது, பதிவில் இல்லை" என்று ஒரு வரியில் எச்சரித்திருக்கும். இருபது வயதுப் பையனின் கண்ணை நம்பி ஓர் ஆண்டின் பாதியைப் பணயம் வைக்காது.

பட்டியலில் வேறொரு குழப்பமும் உண்டு. 2017 விதிமுறையில் முடிவு வரும்போது பாடத்துக்கு எதிரே RA என்று வந்தால் மறுபடி தேர்வு எழுத வேண்டும், அது அரியர். SA என்று வந்தால் வருகைப் பதிவு போதவில்லை. மறுபடி வகுப்புக்கு வந்து படித்தாக வேண்டும், தேர்வுக்கு மட்டும் பதிவு செய்ய வழியில்லை. இரண்டுமே மாணவன் கண்ணுக்கு 'போச்சு' என்றுதான் தெரியும். SA உள்ளவன் அரியர் என்று நினைத்துப் பணத்தைக் கட்டக் காத்திருப்பான், கடைசி நாளில்தான் அவனுக்கு விஷயம் தெரியும். இதை முதல் பருவத்திலேயே வகுப்பாசிரியர் ஒரு மணி நேரம் உட்கார்த்திச் சொன்னால் தீரும். சொல்வதில்லை.

மறுமதிப்பீடு இதைவிடக் கொடியது. முடிவு வந்ததும், தேறவில்லை என்று நம்பாத மாணவன் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பான். நகலைப் பார்த்து ஆசிரியர் ஒருவர் மதிப்பெண் கூடும் என்று எழுதிக் கொடுத்தால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பான். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம், தேர்வுக் கட்டணத்தைவிட அதிகம். அதன் முடிவு வருவதற்குள் அடுத்த தேர்வுக்கான பதிவுத் தேதி வந்துவிடுவது வழக்கம். இப்போது அவன் என்ன செய்வான்? தேறிவிடுவேன் என்று நம்பிப் பதிவு செய்யாமல் இருந்தால், மறுமதிப்பீடு கைவிட்டால் ஆறு மாதம் போகும். பதிவு செய்தால், தேறிவிட்டால் அந்தப் பணம் வீண். பெரும்பாலான மாணவர்கள் பணம் போனாலும் பரவாயில்லை என்று கட்டுகிறார்கள். கட்ட முடியாதவன் நம்பிக்கையின் மீது பந்தயம் கட்டுகிறான். இவனையும் நாம் 'தேதியைத் தவறவிட்டவன்' என்ற அதே கணக்கில்தான் எழுதுகிறோம்.

அடுத்து, கட்டணம். "ஒரு தாளுக்கு 150 ரூபாய். சினிமாவுக்குப் போகிறவனால் இதைக் கட்ட முடியாதா?" என்ற பேச்சு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 2022-இல் பத்து வரிகள் உள்ள நம் மாணவனுக்கு அது 1,500 ரூபாயாக இருந்தது, மதிப்பெண் பட்டியல் கட்டணம் தனி. 2023 நவம்பரில் இதைத் தாளுக்கு 225 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அது நிறுத்தி வைக்கப்பட்டது. 225 என்றால் அதே மாணவனுக்கு 2,250. கூலிக்குப் போகும் குடும்பத்தில் இந்தத் தொகை ஒரே நாளில் எடுத்து வைக்கக் கூடியது அல்ல. ஆனால் நான் இந்தத் தொகையைப் பற்றிப் பேச வரவில்லை. தொகையைவிடப் பெரிய தடை வேறு.

பல தனியார் கல்லூரிகளில் தேர்வுக் கட்டணத்தைத் தனியாக வாங்க மாட்டார்கள். கல்விக் கட்டணப் பாக்கி, பேருந்துக் கட்டணப் பாக்கி, விடுதிப் பாக்கி எல்லாம் தீர்ந்தால்தான் தேர்வுக் கட்டணத்துக்கு ரசீது. பாக்கி வைத்தவனிடம் வசூல் செய்ய ஆண்டில் இரண்டே வாய்ப்பு, இந்த இரண்டு பதிவுத் தேதிகள் என்பது நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். கல்வி உதவித்தொகை அரசிடமிருந்து எப்போது வரும் என்று மாணவனுக்கும் தெரியாது, கல்லூரிக்கும் தெரியாது. வராத பணத்துக்காக அவன் தேர்வை நிறுத்தி வைப்பார்கள். அப்பா ஊரிலிருந்து வட்டிக்கு வாங்கி அனுப்பும் பணம் கடைசித் தேதிக்கு மறுநாள் வரும். 1,500 ரூபாய் கட்டத் துப்பில்லாதவன் என்று வெளியே தெரிகிறவன் உண்மையில் 30,000 ரூபாய் பாக்கிக்காக நிறுத்தப்பட்டவன். ஆசிரியர் அறையில் தலையாட்டுகிறவர்களுக்கு இது தெரியாதது அல்ல. நாங்களே வகுப்பில் பாக்கிப் பட்டியலை வாசிக்க வைக்கப்படுகிறோம்.

தேர்வு எழுதும் உரிமையைக் கடன் வசூலின் பிடியாக வைத்திருக்க விடுவது பல்கலைக்கழகத்தின் பதிவு முறைதான். பதிவு தானாக நடந்திருந்தால், கட்டணம் வேறு இடத்தில் வசூலாகியிருந்தால், கல்லூரியின் கையில் இந்தப் பிடி இருந்திருக்காது. பாக்கியை வசூலிக்க அவர்களுக்கு வேறு சட்டபூர்வ வழிகள் இருக்கின்றன. அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கட்டணத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் மதிக்கத்தக்கது ஒன்றுதான். பணம் கட்டாமல் எல்லாருக்கும் பதிவு என்றால் பாதிப் பேர் தேர்வுக்கு வர மாட்டார்கள், வினாத்தாள் வீணாகும், அறை ஏற்பாடு குலையும், கண்காணிப்பாளர் கூலி வீண் என்கிறார்கள். தேர்வு நடத்துகிறவர்களின் சுமை எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான கல்லூரிகளில், நூற்றுக்கணக்கான தாள்களை, ஒரே கால அட்டவணையில் நடத்துவது சிறிய வேலை அல்ல. ஆனால் இந்த வாதம் கட்டாயப் பதிவு விதியோடு மோதுகிறது. எல்லா அரியருக்கும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று விதி போட்ட பிறகு, வரப்போகிறவன் மட்டும் பதிவு செய்கிறான் என்று சொல்ல முடியாது. இப்போதே ஐந்து அரியர் உள்ளவன் ஐந்துக்கும் கட்டிவிட்டு மூன்றுக்குத்தான் வருகிறான். மற்ற இரண்டு மேசையும் காலியாகத்தான் கிடக்கின்றன. கட்டணம் அவனை வரவழைக்கவில்லை. வராத தாளுக்கும் வசூலித்தது, அவ்வளவுதான். எத்தனை வினாத்தாள் அச்சிட வேண்டும் என்ற கணக்குக்கு நிலுவைப் பட்டியலே போதும். எந்தத் தாளில் வழக்கமாக எத்தனை பேர் வராமல் போகிறார்கள் என்பது பல ஆண்டுக் கணக்காகப் பல்கலைக்கழகத்திடமே இருக்கிறது.

கட்டணம் இருந்தால்தான் மாணவன் பொறுப்போடு படிப்பான் என்பது இதன் இன்னொரு வடிவம். என் அனுபவத்தில் கட்டணம் மாணவர்களைப் படித்தவன், படிக்காதவன் என்று பிரிப்பதில்லை. இருப்பவன், இல்லாதவன் என்று பிரிக்கிறது. நான்கு முறை எழுதியும் படிக்காதவன் வீட்டில் பணம் இருந்தால் ஐந்தாம் முறையும் கட்டுவான்.

பதிவுக்கும் கட்டணத்துக்கும் நாம் கொடுத்திருக்கும் மிதமிஞ்சிய அதிகாரம் 2020-இல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கொரோனாவால் தேர்வு நடத்த முடியாத அந்த ஆண்டு, ஆகஸ்ட் 26 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அரியர் தேர்வுகளுக்கு விலக்கு அளித்து அறிவித்தார். அந்த அறிவிப்பின் நிபந்தனை தேர்வுக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும் என்பதுதான். இரண்டு மாணவர்கள் ஒரே வகுப்பில், ஒரே தாளில், ஒரே மதிப்பெண்ணில் தேறாமல் இருந்திருக்கலாம். ஒருவன் ஊரடங்குக்கு முன் கட்டிவிட்டான், மற்றவன் கட்ட முடியவில்லை. முதலாமவனுக்குத் தேர்வே எழுதாமல் தேர்ச்சி. இரண்டாமவனுக்கு அதே அரியர். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இதை எதிர்த்தது, வழக்கு நடந்தது, 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தேர்வில்லாத் தேர்ச்சியை ஏற்கவில்லை. நீதிமன்றம் செய்தது சரி என்றே நினைக்கிறேன். எழுதாத தேர்வில் தேர்ச்சி தருவது பட்டத்தின் மதிப்பைக் கெடுக்கும். ஆனால் அந்த விவாதம் முழுவதும் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே முடிந்துவிட்டது. ஒரு ரசீதை ஒரு பாடத்தின் அறிவுக்கு ஈடாக வைத்தது ஏன் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கட்டணம் கட்டியதே தகுதிக்கு அடையாளம் என்ற பழக்கம் நம் மூளையில் அந்த அளவுக்கு ஊறியிருந்தது.

படிப்பை முடித்து வெளியே போனவர்களின் நிலை வேறு, அதை ஒப்புக்கொள்கிறேன். இறுதிப் பருவம் முடிந்த பிறகு இரண்டு மூன்று அரியரோடு வெளியேறியவனுக்கு அடுத்த பருவத்துக்குப் போகும் தேவை இல்லை. இந்த முறை எந்தத் தாளை எழுதுவது என்பது அவன் முடிவு. வேலையில் இருப்பான், எல்லாவற்றுக்கும் படிக்க நேரம் இருக்காது. அவனைக் கேட்காமல் பதிவு செய்ய முடியாது. அங்கே படிவம் உண்மையிலேயே ஒரு தகவலைக் கொண்டுவருகிறது.

ஆனால் அங்கேதான் தேதி மிகக் கொடூரமாக வேலை செய்கிறது. வகுப்பு இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை, வகுப்புப் பிரதிநிதி இல்லை. தேதி வந்தது என்று சொல்ல யாரும் இல்லை. திருப்பூரில் ஒரு நிறுவனத்தில் இரவுப் பணியில் இருப்பவன், தான் படித்த கல்லூரி இருக்கும் ஊருக்கு ஒரு வேலை நாளில் வந்து கட்டச் சொன்னால், ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் தேர்வுக் கட்டணத்தைத் தாண்டிவிடும். நான்கு ஆண்டுப் படிப்பை ஏழு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது வரம்பு. வெளியேறிய பின் அவனுக்கு மிஞ்சுவது மூன்று ஆண்டு, ஆறு தேர்வு. இரண்டு முறை தேதி தெரியாமல் போனால் மிச்சம் நான்கு. வரம்பு முடிந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் சில முறை சிறப்பு அரியர் தேர்வு அறிவித்திருக்கிறது. 2021 நவம்பர்–டிசம்பரில் அறிவித்தபோது 2001–02 காலத்து மாணவர்கள் வரை எழுத வாய்ப்பு தரப்பட்டது. வழக்கமான கட்டணத்தோடு 5,000 ரூபாய் கூடுதல். மூன்று தாள் நின்றால் 150 கணக்கில் 450, அதோடு 5,000. இருபது ஆண்டுக்கு முன் படித்தவர்கள்கூட அந்தத் தொகையைக் கட்டத் தயாராக இருந்தார்கள் என்றால், அவர்கள் அலட்சியக்காரர்கள் என்று யார் சொல்வது?

மூன்றாம் முயற்சியிலிருந்து அகமதிப்பீட்டு மதிப்பெண் குறைவாக இருந்தாலும், பருவத் தேர்வில் மட்டும் பாதி மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்ற சலுகை 2017 விதிமுறையில் உண்டு. முதல் முறை அகமதிப்பீட்டில் அடிபட்ட மாணவனுக்கு அது பெரிய வாசல். வெளியேறியவர்களில் பலருக்கு இது தெரியாது. யாரும் எழுதி அனுப்புவதில்லை. அவனுடைய கைப்பேசி எண் தேர்வுத் துறையிடம் இருக்கிறது. நிற்கும் குறியீடுகள், மிச்சமுள்ள வாய்ப்புகள், கட்ட வேண்டிய கடைசித் தேதி ஆகியவை மூன்று வரிக் குறுஞ்செய்தியில் அடங்கும்.

நான் கேட்பது கடினமானது அல்ல. படித்துக்கொண்டிருப்பவனுக்குப் பதிவு தானாக நடக்கட்டும். நடப்புப் பாடமும் எல்லா அரியர் பாடமும் அவன் பெயரில் ஏறி, பாடத்தின் முழுப் பெயரோடு அவன் கைப்பேசிக்குப் போகட்டும். தவறு இருந்தால் திருத்தச் சொல்ல அவனுக்கு நாள் கொடுங்கள். சரி என்று சொல்ல அவனைத் தேட வேண்டாம். மறுமதிப்பீட்டில் இருக்கும் தாளும் தற்காலிகமாக ஏறட்டும், தேறினால் அதன் கட்டணம் தானாகக் கழியட்டும். வெளியேறியவன் எங்கிருந்தும் தன் உள்நுழைவில் பதிவு செய்து கட்டட்டும், கல்லூரி வாசலில் நிற்க வேண்டாம். கட்டணம் நிலுவையாக எழுதப்படட்டும். அதைக் கட்டாதவனுக்கு ஹால் டிக்கெட்டை மறுப்பதற்குப் பதில், கட்டும் வரை மதிப்பெண் பட்டியலை நிறுத்தி வைக்கலாம். பட்டியலை நிறுத்தினால் பணம் வந்த அன்று கொடுத்துவிட முடியும். தேர்வை நிறுத்தினால் பணம் வந்த அன்று அந்தத் தேர்வைக் கொடுக்க முடியாது.